ஒரே லாபத்துக்கு இரண்டு முறை வரி: ஆஸ்திரேலியாவில் கிடைக்கும் வரவு நமக்கு ஏன் இல்லை?

குழித்துறை_முந்திரி

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு முந்திரி ஆலை இருக்கிறது. அப்பா காலத்திலேயே பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தது. அம்மா, நான், துபாயில் இருக்கும் தங்கை, மெல்பர்னில் இருக்கும் தம்பி என நான்கு பேருக்கும் கால் பங்கு. இதுவரை லாபத்தை வெளியே எடுக்காமல் கொட்டை வாங்கவே போட்டு வந்தோம். 2025-26 கணக்கில் வரிக்கு முன் 40 லட்சம் ரூபாய் லாபம் நிற்கிறது. இந்த முறை பிரித்துக்கொள்ளலாம் என்று நால்வரும் பேசி முடித்தோம்.

கம்பெனி 25.168 சதவீதம் வரி கட்ட வேண்டும், மீதியை ஈவுத்தொகையாகக் கொடுத்தால் வாங்குகிறவர்களும் அவரவர் கணக்கில் வரி கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். தம்பி இதை ஏற்க மறுக்கிறான். அவன் அங்கே பங்கு வைத்திருக்கும் கம்பெனிகள் கட்டிய வரியை அவன் கணக்கில் கழித்துக் கொடுக்கிறார்களாம். "நம் ஆடிட்டருக்கு விவரம் போதாது" என்கிறான். எனக்கு ஆடிட்டர்மீது சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி என்பது எந்த நியாயத்தில் நிற்கிறது என்பது தெரிய வேண்டும். நால்வர் கையிலும் கடைசியில் எவ்வளவு வரும் என்பதும் தெரிய வேண்டும்.

ஓய்வு_ஆசிரியர்_இரணியல்

தம்பி, கவலைப்படாதீர்கள். நானும் சில பெரிய கம்பெனிகளில் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் ஈவுத்தொகையில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். அது 26ஏஎஸ் படிவத்தில் என் பெயரில் வந்துவிடுகிறது. ரிட்டர்ன் தாக்கல் செய்ததும் முழுவதும் திரும்பி வருகிறது. கம்பெனி கட்டிய வரியை நமக்குக் கழித்துக் கொடுக்கும் ஏற்பாடு இங்கேயும் இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. முன்பெல்லாம் ஈவுத்தொகைக்கு வரியே கிடையாது. 2020க்குப் பிறகுதான் இந்தத் தொல்லை.

கோட்டாறு_கணக்காளர்

சார், நீங்கள் சொல்லும் 10 சதவீதம் கம்பெனியின் வரி அல்ல. உங்கள் வரியை உங்கள் சார்பில் முன்கூட்டியே பிடித்து அரசிடம் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் அது உங்கள் பான் எண்ணில் வருகிறது, உங்களுக்கு வரி இல்லை என்றால் திரும்பியும் வருகிறது. ஒருவருக்கு ஓராண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் ஈவுத்தொகை போனால் இப்படிப் பிடிக்க வேண்டும். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 5,000 ஆக இருந்தது.

கம்பெனி தன் லாபத்துக்குக் கட்டிய 25.168 சதவீதம் உங்கள் 26ஏஎஸ்-இல் எந்த மூலையிலும் இருக்காது. மெல்பர்ன் தம்பி கேட்பது அந்தத் தொகையைப் பற்றி. அதைக் கழித்துக்கொள்ள இன்றைய இந்தியச் சட்டத்தில் வழி இல்லை. கம்பெனி ஒரு ஆள், பங்குதாரர் வேறொரு ஆள், இருவரும் தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்பதுதான் நம் முறை. வரி நூல்களில் இதைச் செவ்வியல் முறை என்பார்கள்.

குழித்துறை நண்பருக்கு: உங்கள் கணக்கையே போட்டுவிடலாம். வரிக்கு முந்தைய லாபத்தில் ஆளுக்கு 10 லட்சம். அதில் கம்பெனி வரி 2,51,680. மீதி 7,48,320 ஈவுத்தொகையாக வருகிறது. இதுவரை நால்வருக்கும் ஒன்றுதான், இதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. உங்களுக்கு வேறு வருமானம் என்ன, அம்மாவுக்கு என்ன என்று சொல்லுங்கள்.

குழித்துறை_முந்திரி

எனக்குத் தனியாக மொத்த வியாபாரம் இருக்கிறது, அதில் ஏற்கெனவே 30 சதவீத அடுக்கில் இருக்கிறேன். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டாது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சொல்லத்தக்க வருமானம் ஏதும் இல்லை. தங்கைக்கும் தம்பிக்கும் இந்தியாவில் வேறு வருமானம் கிடையாது.

கோட்டாறு_கணக்காளர்

அப்படியானால் உங்கள் பங்குக்கு 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம். 7,48,320க்கு 2,33,476 ரூபாய் வரும். கம்பெனி கட்டியதையும் சேர்த்தால் உங்கள் 10 லட்சத்தில் 4,85,156 வரியாகப் போய், கையில் 5,14,844 நிற்கும். கிட்டத்தட்ட பாதி.

அம்மாவின் கதை வேறு. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ள உள்நாட்டவருக்குத் தள்ளுபடி இருப்பதால் அவர் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை. 7,48,320 முழுவதும் அவருடையது. தனக்கு வரி இல்லை என்ற உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுத்தால் கம்பெனி அந்த 10 சதவீதத்தைப் பிடிக்கவும் வேண்டாம். மறந்துவிட்டால் 74,832 பிடித்தம் ஆகும், ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

ஆசிரியர் சார் சொன்ன பழைய காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997 ஜூன் முதல் 2020 மார்ச் வரை, 2002-03 தவிர, பெரும்பாலான பங்குதாரர்கள் கையில் வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஈவுத்தொகையைப் பிரிப்பதற்கென்றே கம்பெனி தனியாக ஒரு வரி கட்டியது. கடைசி ஆண்டுகளில் அது கொடுக்கும் தொகையில் 20.56 சதவீதம். அதே விகிதத்தை இன்றைய லாபத்தில் போட்டால் அம்மாவுக்கு 7,48,320 வராது, ஏறத்தாழ 6,20,700தான் வரும். உங்களுக்கும் அதே 6,20,700. அந்த வரியில் ஏழைப் பங்குதாரரும் பணக்காரப் பங்குதாரரும் ஒரே விகிதத்தைச் சுமந்தார்கள். அது கம்பெனி கணக்கில் போனதால் கண்ணில் படவில்லை. 2020 மாற்றத்தில் உங்களைப் போன்றவர்களுக்கு இழப்பு, அம்மாவைப் போன்றவர்களுக்கு ஆதாயம்.

ஓய்வு_ஆசிரியர்_இரணியல்

இதை இத்தனை ஆண்டுகளாக யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. அப்படியானால் கம்பெனி கட்டும் வரியைப் பங்குதாரருக்குக் கழித்துக் கொடுக்கும் வழக்கம் இந்தியாவில் எப்போதுமே இருந்ததில்லையா?

கோட்டாறு_கணக்காளர்

இருந்தது சார். 1922ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் கம்பெனி கட்டிய வருமானவரியை ஈவுத்தொகையோடு கூட்டி, பங்குதாரரின் வருமானமாக எடுத்து, பிறகு அந்த வரியை அவர் கட்டியதாகவே வரவு வைத்தார்கள். 1959ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை நீக்கியது. 1960-61 மதிப்பீட்டு ஆண்டு முதல் கம்பெனி வேறு, பங்குதாரர் வேறு. ஆகவே தம்பி கேட்பது இந்த மண்ணுக்கு அந்நியமான யோசனை அல்ல. கைவிட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

மெல்பர்ன்_திங்கள்நகர்

நான் தம்பி இருக்கும் ஊரில்தான் இருக்கிறேன். இங்கே வரும் ஈவுத்தொகைத் தாளில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன், அப்போது அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பது புரியும். தாளில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று வங்கிக்கு வந்த தொகை, 700 டாலர் என்று வையுங்கள். அடுத்த கட்டத்தில் பிராங்கிங் கிரெடிட் 300 டாலர் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த 300 என் கைக்கு வந்ததே இல்லை. கம்பெனி 1,000 டாலர் லாபத்துக்கு 30 சதவீதமாகக் கட்டிய வரி அது.

ரிட்டர்னில் நான் 700 என்று எழுதக் கூடாது, 1,000 என்று எழுத வேண்டும். என் அடுக்கு 37 சதவீதம், மருத்துவ வரி 2 சேர்த்து 39. வரி 390 டாலர். அதில் 300 ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டதாகக் கழிக்கிறார்கள், நான் 90 கட்டுகிறேன். ஆக மொத்தம் 39 சதவீதம்தான், நான் நேரடியாகச் சம்பாதித்திருந்தால் எவ்வளவோ அவ்வளவே. என் மாமியாருக்கு வரிக்குரிய வருமானம் இல்லை, அவர் ரிட்டர்ன் போட்டால் அந்த 300 டாலரை அரசு காசாகவே அனுப்பிவிடுகிறது. 1987இல் இந்த முறை வந்தபோது அப்படித் திருப்பித் தரவில்லை. 2000 ஜூலை முதல்தான் தருகிறார்கள். அதை நிறுத்துவோம் என்று சொன்ன கட்சி 2019 தேர்தலில் தோற்றது. ஓய்வு பெற்றவர்கள் அந்தளவுக்குக் கொதித்தார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா ஈவுத்தொகைக்கும் இந்த வரவு வராது. கம்பெனி ஆஸ்திரேலிய அரசுக்கு வரி கட்டியிருந்தால்தான் உண்டு. வெளிநாட்டில் லாபம் சம்பாதித்து, அங்கேயே வரி கட்டிய கம்பெனி எனக்கு ஈவுத்தொகை கொடுத்தால் அந்தக் கட்டத்தில் சுழியம் இருக்கும்.

குழித்துறை_முந்திரி

அண்ணே, நீங்கள் கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியம். எங்கள் ஆலை ஆஸ்திரேலியாவில் ஒரு காசும் வரி கட்டவில்லை. அப்படியானால் தம்பிக்கு?

கோட்டாறு_கணக்காளர்

அவருக்குத்தான் எல்லோரையும் விட அதிக சேதம். அவரும் 39 சதவீதத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 7,48,320 ஈவுத்தொகைக்கு இந்தியா ஒப்பந்தப்படி 15 சதவீதம், அதாவது 1,12,248 பிடிக்கும். ஆஸ்திரேலியா அதே தொகைக்கு 39 சதவீதம், 2,91,845 கேட்கும். இந்தியாவில் பிடித்த 1,12,248ஐ அதில் கழித்துக் கொடுக்கும், ஏனென்றால் அது அவர் பெயரில் கட்டிய வரி. ஆலை கட்டிய 2,51,680ஐ ஒரு ரூபாய்கூடக் கழிக்காது. மொத்தம் 5,43,525 வரி, கையில் 4,56,475. இதே 10 லட்சம் ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்றின் லாபமாக இருந்தால் அவர் சுமை 3,90,000தான்.

எனவே தம்பி தன் ஊர் முறையைப் பற்றிச் சொல்வது சரி. அது கடல் கடந்து மார்த்தாண்டம் வரை வரும் என்று நினைப்பதுதான் சரியில்லை. வரி வரவு முறையின் பெரிய பலவீனமே இந்த எல்லைதான். பிரிட்டன் 1973இல் தொடங்கி, 1999இல் பெருமளவு சுருக்கி, 2016இல் முழுவதும் கைவிட்டது, ஜெர்மனி 1977இல் கொண்டுவந்து 2000க்குப் பிறகு மாற்றிவிட்டது. உள்நாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்கினால் வரவு, பக்கத்து நாட்டுக் கம்பெனியில் வாங்கினால் இல்லை என்பது ஐரோப்பியச் சந்தைக்குள் நிற்க முடியாமல் போனது.

தக்கலை_துபாய்

நானும் தங்கையைப் போல வெளிநாட்டில் இருப்பவன். எங்களுக்கும் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டா? என் அப்பா பெயரில் இருந்த பங்குகள் இப்போது என் பெயருக்கு வந்திருக்கின்றன. 20 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிட்டார்கள். குழித்துறை அம்மாவுக்குப் பிடித்தம் இல்லை, எனக்கு மட்டும் பிடிக்கிறார்கள் என்றால் என்ன நியாயம்?

கோட்டாறு_கணக்காளர்

அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான். வெளிநாட்டில் வசிப்பவரின் ஈவுத்தொகைக்குத் தனி விகிதம்: 20 சதவீதம், செஸ் சேர்த்து 20.8. அடிப்படை விலக்கும் அதற்கு எதிராகக் கிடையாது. ஆனால் அமீரகத்தோடு உள்ள ஒப்பந்தப்படி 10 சதவீதம்தான். அது தானாக வராது. அங்குள்ள அரசிடமிருந்து வரி வசிப்பிடச் சான்று வாங்கி, அதற்குரிய விவரப் படிவத்தோடு, ஈவுத்தொகை கொடுப்பதற்கு முன்பே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் இரண்டையும் அனுப்பவில்லை என்று நினைக்கிறேன். ரிட்டர்ன் போட்டு வித்தியாசத்தைக் கேட்கலாம்.

குழித்துறை நண்பரின் தங்கைக்கு இதே கணக்குத்தான். சான்று இருந்தால் 74,832, இல்லையென்றால் 1,55,651. அங்கே தனிநபர் வருமானவரி இல்லாததால் இங்கே போனது போனதுதான், கழித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

குலசேகரம்_ரப்பர்

இவ்வளவு குழப்பம் எதற்கு? எங்கள் ரப்பர் ஷீட் வியாபாரம் கூட்டு நிறுவனமாகவே ஓடுகிறது. நிறுவனம் 31.2 சதவீதம் கட்டுகிறது, அதன் பிறகு கூட்டாளிகள் எடுக்கும் லாபத்துக்கு ஒரு பைசா வரி கிடையாது. ஒரு முறை கட்டினோம், முடிந்தது. கம்பெனியை மூடிவிட்டுக் கூட்டு நிறுவனம் ஆக்குங்கள், நால்வரும் தப்பித்துவிடுவீர்கள்.

கோட்டாறு_கணக்காளர்

அண்ணாச்சி சொல்வது ஒருவருக்குப் பொன்னான யோசனை, இன்னொருவருக்கு நட்டம். கூட்டு நிறுவனத்தில் ஆளுக்கு 3,12,000 வரி. மூத்தவரான குழித்துறை நண்பருக்கு 4,85,156 இருந்த இடத்தில் இது. ஒன்றே முக்கால் லட்சத்துக்கு நெருக்கமாக மிச்சம். தங்கைக்கு இப்போது இருக்கும் 3,26,512ஐ விடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அம்மாவுக்கு இப்போது 2,51,680தான் போகிறது, கூட்டு நிறுவனமானால் 60,320 கூடுதலாகப் போகும். அவருக்கு இரண்டாவது வரியே இல்லாதபோது, முதல் வரி குறைவாக இருக்கும் கம்பெனிதான் லாபம். ஏறக்குறைய 8 சதவீதத்துக்குக் கீழே தன் ஈவுத்தொகைக்கு வரி கட்டுகிறவருக்குக் கம்பெனி நல்லது, அதற்கு மேலே போனால் கூட்டு நிறுவனம் நல்லது.

இன்னொரு தடை. கம்பெனியை எல்எல்பி என்ற வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனமாக மாற்றும்போது மூலதன ஆதாய வரி வராமல் இருக்க வேண்டுமானால், முந்தைய மூன்று ஆண்டுகளில் எதிலும் விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. 40 லட்சம் லாபம் பார்க்கும் முந்திரி ஆலையின் விற்றுமுதல் அதைப் பல மடங்கு தாண்டியிருக்கும். ஆக, மாறுவதற்கே ஒரு வரி கட்ட நேரிடலாம்.

கொல்லங்கோடு_வலை

ஈவுத்தொகை என்ற பெயரே வேண்டாம். நால்வரும் கம்பெனியிடம் கடன் வாங்கியதாக எழுதிக்கொள்ளுங்கள். கடனுக்கு வரி இல்லையே. பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

கோட்டாறு_கணக்காளர்

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இப்படிச் சிலர் கம்பெனிப் பணத்தை எடுப்பார்கள் என்று தெரிந்தே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியார் பங்கு இல்லாத கம்பெனி, 10 சதவீதத்துக்குக் குறையாத வாக்குரிமை உள்ள பங்குதாரருக்குக் கடனோ முன்பணமோ கொடுத்தால், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அது ஈவுத்தொகையாகவே கருதப்படும். இவர்கள் ஆளுக்கு 25 சதவீதம். அடுத்த மாதமே பணத்தைத் திருப்பிக் கட்டினாலும் அந்த வரி போகாது. வரியும் கட்டி, பணத்தையும் திருப்பிக் கொடுத்த நிலைதான் மிஞ்சும். இருப்புநிலைக் குறிப்பில் "இயக்குநருக்குக் கடன்" என்ற வரி ஒன்று இருந்தால் அதிகாரி முதலில் விரல் வைப்பது அங்கேதான்.

எதிர்ப்பக்கம் போகும் கடன் வேறு. அம்மாவிடம் வங்கி வைப்பில் பணம் இருந்தால் அதை ஆலைக்கு அவர் கடனாகக் கொடுக்கலாம், இயக்குநரின் உறவினர் என்ற முறையில் அதற்கு இடம் உண்டு. ஆலை கொடுக்கும் வட்டி செலவாகக் கழிகிறது, அதனால் அந்தத் தொகைக்குக் கம்பெனி வரி இல்லை. அம்மா கையில் 12 லட்ச வரம்புக்குள் இருந்தால் அங்கேயும் இல்லை. பங்குக்குக் கொடுத்தால் 25 சதவீதம் போகும் பணம், வட்டியாகக் கொடுத்தால் போகாது. வட்டி நியாயமான விகிதத்தில் இருக்க வேண்டும். செவ்வியல் முறை உள்ள நாடுகளில் கம்பெனிகள் பங்கை விடக் கடனை விரும்புவதற்கு இதுதான் காரணம்.

அதே போல மூத்தவர் தினமும் ஆலையில் நின்று வேலை பார்க்கிறார் என்றால், செய்யும் வேலைக்கு ஏற்ற சம்பளம் எடுக்கலாம். அது அவர் கையில் 31.2 சதவீதம், ஒரே முறை.

குழித்துறை_முந்திரி

சம்பளம் என்ற யோசனை எனக்கு நல்லதுதான். ஆனால் நான் 12 லட்சம் சம்பளம் எடுத்தால் பிரிக்க வேண்டிய லாபம் 28 லட்சமாகக் குறையும். தங்கையும் தம்பியும் என்ன நினைப்பார்கள்?

மெல்பர்ன்_திங்கள்நகர்

அவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். இங்கேயும் குடும்பக் கம்பெனிகளில் இந்தச் சண்டை உண்டு. ஆனால் இங்கே வரவு முறை இருப்பதால் சம்பளமா ஈவுத்தொகையா என்பது வரியில் பெரிய வித்தியாசம் செய்யாது. அந்த வகையில் குடும்பத்துக்குள் ஒரு காரணம் குறைவு.

பத்மநாபபுரம்_வாசகி

நான் கணக்குத் தெரிந்தவள் அல்ல, பொருளாதாரம் படித்தவள். ஒரு மாற்றுக் கருத்து. இரண்டு வரி என்பதாலேயே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. கம்பெனி கடனில் மூழ்கினால் பங்குதாரரின் வீடு ஏலம் போகாது. அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. 2019இல் நம் கம்பெனி வரியைக் குறைத்ததும் அடுத்த ஆண்டே ஈவுத்தொகை வரியைப் பங்குதாரருக்கு மாற்றியதும் சேர்த்தே பார்க்க வேண்டியவை. ஆஸ்திரேலியாவைப் போலத் திருப்பித் தருவதானால் குழித்துறை அம்மாவுக்கு அரசு 2,51,680 ரூபாயைக் காசாக அனுப்ப வேண்டும். லாபத்துக்கு எங்கேயும் வரி இல்லை என்றாகிவிடும். அந்த இழப்பை யாரிடம் வசூலிப்பது?

கோட்டாறு_கணக்காளர்

அம்மா, உங்கள் முதல் வாதத்தை நான் ஏற்கவில்லை. நம் ஊரில் வங்கி, குடும்பக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது இயக்குநர்களிடம் சொந்த ஜாமீன் வாங்காமல் விடுவதே இல்லை. வீடு ஏலம் போகத்தான் செய்யும், கம்பெனி என்ற பெயர் காப்பாற்றாது. திருப்பித் தருவது பற்றிய கேள்வி நியாயமானது. திருப்பித் தராமல், கட்ட வேண்டிய வரியில் மட்டும் கழித்துக்கொள்ளலாம் என்று வைத்தால் மூத்தவருக்கு மேற்கொண்டு 60,320 மட்டும் கட்டினால் போதும், 1,73,156 மிச்சமாகும். குழித்துறை அம்மாவுக்கு இன்று இருப்பதே இருக்கும். பணக்காரருக்கு மட்டும் பயன் தரும் சீர்திருத்தம் அது. என் மனம் திருப்பித் தருவதன் பக்கம்தான், ஆனால் எந்த நிதியமைச்சரும் அதற்குக் கையெழுத்துப் போடுவார் என்று நான் நினைக்கவில்லை.

பத்மநாபபுரம்_வாசகி

சொந்த ஜாமீன் பற்றிச் சொன்னது சிறு கம்பெனிகளுக்குப் பொருந்தும். பங்குச் சந்தையில் உள்ளவற்றுக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் ஒரே சட்டம் இருப்பதுதான் சிக்கல் என்று தோன்றுகிறது.

குழித்துறை_முந்திரி

நேற்று நால்வரும் போனில் பேசினோம். தங்கை வரி வசிப்பிடச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டாள், அது வந்த பிறகே ஈவுத்தொகை அறிவிப்போம். அம்மாவின் உறுதிமொழிப் படிவம் தயார். தம்பி தன் பங்கை இந்த ஆண்டு எடுக்காமல் கம்பெனியிலேயே விட முடியுமா என்று கேட்கிறான்.

கோட்டாறு_கணக்காளர்

ஒரே வகைப் பங்குக்கு அறிவித்தால் எல்லோருக்கும் அறிவித்ததாகும், அவருக்கு மட்டும் நிறுத்தி வைக்க முடியாது. வேறு வகைப் பங்குகள் உங்கள் கம்பெனி விதிகளில் இருக்கின்றனவா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால், மொத்தமாக எவ்வளவு அறிவிப்பது என்பதை நால்வரும் சேர்ந்துதான் குறைத்தாக வேண்டும்.